கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலம் ஆகாது

மூக்கடைத்து மூச்சுத் திணறும் இரவில் நெஞ்சிலும் கழுத்திலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தால், ஐந்து நிமிடத்தில் மூச்சு இலகுவானதுபோல் இருக்கும். இது பெரியவர்கள் எல்லோரும் அறிந்த சுகம். அந்தச் சுகத்தை நம்பித்தான் பிள்ளைகளுக்கும் தடவிவிடுகிறோம். தவழும் குழந்தைக்கும் தடவுகிறோம், பிறந்து நாற்பது நாள் ஆன சிசுவுக்கும் தடவுகிறோம். நமக்குக் கிடைக்கும் ஆறுதல் பொய்யில்லை. ஆனால் அது உடம்பின் எந்த இடத்தில், எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அதே தைலம் ஏன் கூடாது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நெஞ்சுத் தைலங்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். மென்தால் எனப்படும் புதினா உப்பு, கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகிய மூன்றும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். சிலவற்றில் டர்பன்டைன் எண்ணெயும் ஓம உப்பும் சேரும். இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது வாசலின் போன்ற ஒரு கொழுப்புக் களிம்பு. உடம்புச் சூட்டில் களிம்பு இளக இளக, அதிலுள்ள வாசனைப் பொருள்கள் மெல்ல மெல்ல ஆவியாகி மூக்குக்கு ஏறுகின்றன. நெஞ்சில் தடவுவதன் நோக்கமே அதுதான். தோல் வழியாக நுரையீரலுக்குள் மருந்து இறங்கிச் சளியைக் கரைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை.

இந்த வகைத் தைலங்களில் உலகெங்கும் பெயர்பெற்ற விக்ஸ், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் உருவாக்கியது. தொடக்க காலத்தில் அது குழந்தைகளுக்கு வரும் குரூப் என்ற கரகரப்பு இருமலுக்கான களிம்பாகவே விற்கப்பட்டது. வேபோரப் என்ற பெயர் 1912ஆம் ஆண்டு வந்தது. குழந்தைகளுக்காகப் பிறந்த அந்தக் களிம்பின் டப்பாவிலேயே இன்று இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் மருத்துவம் கற்றுக்கொண்டது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சளி பிடித்தால் மூக்கு அடைப்பதற்குச் சளி மட்டும் காரணமில்லை. மூக்கின் உள்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை இருக்கிறது. வைரஸ் தொற்றியதும் அந்தக் குழாய்களில் இரத்தம் தேங்கிச் சதை வீங்கிக்கொள்கிறது. காற்றுப் போகும் வழி குறுகிவிடுகிறது. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு நீங்காமல் இருப்பது இதனால்தான்.

இனி மென்தால் செய்யும் வேலை. காற்று மூக்குக்குள் போகிறதா இல்லையா என்பதை மூளை எப்படித் தெரிந்துகொள்கிறது? பெரும்பாலும் குளிர்ச்சியை வைத்துத்தான். வெளிக்காற்று உள்ளே போகும்போது மூக்கின் உட்புறம் கொஞ்சம் குளிர்கிறது. அங்கே பரவியிருக்கும் நரம்பு முனைகள் அந்தக் குளிர்ச்சியை உணர்ந்து, காற்று தாராளமாகப் போகிறது என்ற செய்தியை அனுப்புகின்றன. அந்த நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. சுமார் 26 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் திறந்துகொள்ளும் வாயில் அது. மென்தால் பட்டாலும் அதே வாயில் திறந்துகொள்கிறது. வெப்பம் துளியும் குறையாமலே, குளிர்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது. 2002ஆம் ஆண்டு இந்தப் புரதத்தை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடம்பு உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆக, மூக்கு உண்மையில் திறக்கிறதா? இதைத்தான் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ரான் எக்கிள்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980கள் முதல் பலமுறை அளந்து பார்த்தார்கள். சளி பிடித்தவர்களுக்கு மென்தால் கொடுத்து, மூக்கு வழியே காற்றுப் போவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். கருவியில் மாற்றமில்லை. அடைப்பு அப்படியே இருந்தது. ஆனால் மூக்கு நன்றாகத் திறந்துவிட்டது என்றே அவர்கள் சொன்னார்கள். வீக்கம் வற்றவில்லை, சளி கரையவில்லை. மூச்சு இலகுவாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் வந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் தைலம் வெறும் ஏமாற்று என்று யாரும் தூக்கிப்போட வேண்டியதில்லை. சளிக்கு மருந்தே கிடையாது. ஒரு வாரம், பத்து நாளில் அது தானாகப் போய்விடும். அதுவரை இரவில் தூங்க முடிந்தால் அதுவே பெரிய லாபம். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 முதல் 11 வயது வரையுள்ள 138 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு இந்தத் தைலத்தைத் தடவினார்கள். இன்னொரு பகுதிக்கு வெறும் வாசலின். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஒரே ஓர் இரவுதான். காலையில் பெற்றோரிடம் கேட்டபோது, தைலம் தடவிய பிள்ளைகள் குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள், அதனால் பெற்றோரும் தூங்கினார்கள் என்று தெரிந்தது. மூக்கு ஒழுகுவது மட்டும் குறையவில்லை. தைலம் தடவிய பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தோலிலோ கண்ணிலோ மூக்கிலோ லேசான எரிச்சல் இருந்தது.

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தைலத்தைத் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும், வாசனையை மறைக்க முடியாததால் எது தைலம் என்று பெற்றோர் ஊகித்திருக்க முடியும் என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். இருந்தாலும் இரண்டு வயதைக் கடந்த பிள்ளை சளியில் தூக்கமில்லாமல் அவதிப்படும்போது, அளவோடு தடவிவிடுவதில் ஓரளவு பலன் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாம். இந்த ஆய்வில் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த வயதுக் குழந்தைக்கு நடந்தது என்ன என்பதற்கு மருத்துவ ஏட்டில் ஒரு சம்பவம் இருக்கிறது. வட கரோலினாவைச் சேர்ந்த வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009ஆம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. சளி பிடித்திருந்தது. வீட்டில் தைலத்தை எடுத்து அவளுடைய மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் தடவியிருக்கிறார்கள். அதன்பின் அவளுக்கு மூச்சுத் திணறல் கடுமையாகி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. நல்லவேளை, குழந்தை தேறிவிட்டாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கண்டறிய அந்த மருத்துவர்கள், மனிதருடையதை ஒத்த மூச்சுக்குழாய் கொண்ட ஃபெரெட் என்ற சிறு விலங்கை வைத்துச் சோதித்தார்கள். தைலம் பட்டதும் மூச்சுக்குழாயில் சளி அதிகமாகச் சுரந்தது. சளியை மேலே தள்ளிக்கொண்டு வரும் நுண்ணிய மயிரிழைகளின் வேகம், ஏற்கெனவே வீங்கியிருந்த குழாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. சளி கூடுகிறது, வெளியேறுவது மந்தமாகிறது. ஒரு குழந்தையும் ஒரு விலங்குச் சோதனையும் இறுதித் தீர்ப்பாகிவிடாது. ஆனால் காரணம் பொருத்தமாகவே இருக்கிறது. நம்முடைய மூச்சுக்குழாய் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் நமக்குத் தெரியக்கூட தெரியாது. கைக்குழந்தையின் குழாயோ சில மில்லிமீட்டர் அகலந்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் போனால் பாதி வழி அடைபட்டதாக ஆகிவிடும். அதோடு முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். மூக்கு அடைத்தால் வாயைத் திறந்து சமாளிக்க அவர்களுக்குச் சுலபமாக வராது.

மென்தாலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிசுவின் மூக்கருகே காரமான ஆவி பட்டால், குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளலாம். மூச்சே சில விநாடிகள் நின்றுபோகலாம். பெரியவருக்கு இதமாகத் தோன்றும் அதே காரம், சிசுவின் உடம்புக்கு வழியை மூடிக்கொள் என்ற கட்டளையாகப் போய்ச் சேர்கிறது. அதனால் மூக்குத் துவாரத்தில் துளித் தைலம் வைப்பது, கைக்குட்டையில் தடவி முகத்தருகே பிடிப்பது, தலையணையில் தேய்ப்பது எதையும் கைக்குழந்தைக்குச் செய்ய வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆவியைப் பற்றி. எனக்கு இதைவிடப் பெரிய கவலை கற்பூரம்தான்.

கற்பூரம் நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் நஞ்சு. 1934ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் லாடிஸ்லாஸ் மெடுனா என்ற மனநல மருத்துவர், வலிப்பு வரவழைத்தால் மனச்சிதைவு நோய் குணமாகும் என்று நம்பி, நோயாளிகளுக்குக் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசியாகப் போட்டார். வலிப்பு வந்தது. வேண்டும் என்றே வலிப்பை உண்டாக்க ஒரு மருத்துவர் தேர்ந்தெடுத்த பொருள் நம் பூஜை அறையில் டப்பாவில் இருக்கிறது. வாய் வழியாகப் போனாலும் அது வேகமாக இரத்தத்தில் சேர்கிறது. 5 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கிவிடும். பல குழந்தைகளில் முன்னறிவிப்பே இல்லாமல் முதல் அறிகுறியாக வலிப்புதான் வருகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். கல்கண்டு என்று நினைத்துக் கற்பூர வில்லையை வாயில் போட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம்.

எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து? நஞ்சு சிகிச்சை வல்லுநர்கள் வைத்திருக்கும் எல்லை, குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 30 மில்லிகிராம். அதற்கு மேல் விழுங்கியிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வயதுக் குழந்தை ஒன்பது, பத்து கிலோ இருக்கும். பத்து கிலோ என்றே வைத்துக்கொண்டால் எல்லை 300 மில்லிகிராம். நூறு கிராமுக்கு ஐந்து கிராம் கற்பூரம் உள்ள தைலத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் கற்பூரம் இருக்கும். கடையில் தொங்கும் பத்து கிராம் சின்ன டப்பா முழுவதிலும் 500 மில்லிகிராம். விரலால் தோண்டித் தின்னும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சின்ன டப்பாவே எல்லையைத் தாண்டப் போதும். ஒரு கிராம் எடையுள்ள கற்பூரக் கட்டி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கடித்தாலே எல்லை வந்துவிடும். ஒரு கிராம் அளவில் குழந்தைகள் இறந்ததாக மருத்துவ நூல்களில் பதிவு இருக்கிறது.

இந்தக் கணக்கை நம் வீட்டு வைத்தியத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி இறக்கி, அதில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் கரைத்து, வெதுவெதுப்பாகக் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் தேய்ப்பது நம் வீடுகளில் பரவலாக இருக்கும் வழக்கம். பாட்டி செய்தார், அம்மா செய்தார், நாமும் செய்கிறோம். கடையில் வாங்கும் தைலத்தில் ரசாயனம் இருக்கும், இது இயற்கை என்ற நம்பிக்கை வேறு. இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்பது சுமார் பத்து மில்லி. அதில் ஒரு கிராம் கட்டி ஒன்றைப் போட்டால் நூற்றுக்குப் பத்துப் பங்கு கற்பூரம். வாசனை போதவில்லை என்று இன்னொன்றையும் போட்டால் ஏறத்தாழ இருபது பங்கு. டப்பாத் தைலத்தைவிட இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வீரியம்.

இருபது சதவீதக் கற்பூர எண்ணெய் அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருந்துக்கடைகளில் பாட்டிலில் விற்றது. குழந்தைகளும் பெரியவர்களும் விளக்கெண்ணெய் என்று எண்ணித் தவறுதலாகக் குடித்து, வலிப்பு வந்து இறப்புகளும் நேர்ந்ததால், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1980களின் தொடக்கத்தில் அந்த எண்ணெயைச் சந்தையிலிருந்தே நீக்கியது. மேலே பூசும் எந்தத் தைலத்திலும் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் இருக்கக் கூடாது என்றும் வரம்பு விதித்தது. அங்கே விலக்கப்பட்ட அதே வீரியத்தை நாம் அடுப்படியில், அளவே பார்க்காமல் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

தோலில்தானே தடவுகிறோம், வாயிலா ஊற்றுகிறோம் என்று மாமியார்கள் கேட்பது நியாயமான கேள்வி. பெரியவரின் தோல் வழியாகக் கொஞ்சமே உள்ளே போகும், அதை ஈரல் மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிசுவின் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பும் அதிகம். கற்பூரத்தை முறித்து வெளியேற்றும் திறன் பிறந்த சில மாதங்களுக்கு ஈரலில் முழுமையாக வளர்ந்திருக்காது. வெதுவெதுப்பான எண்ணெயில் தேய்த்து, துணி சுற்றிப் போர்த்தி வைத்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சப்படும். ஒருநாளைக்கு நான்கைந்து முறை தேய்த்தால் சேர்ந்துகொண்டே போகும். போதாததற்கு, கைக்குழந்தை கையை நெஞ்சில் தேய்த்து அதையே வாயில் வைத்துச் சப்பும். தோலில் தடவியது எப்போது வாய்க்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கற்பூரத்தை மேலே தேய்த்ததால் மட்டுமே வலிப்பு வந்த குழந்தைகளும் உண்டு.

பச்சைக் கற்பூரம் போட்டால் பரவாயில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். சர்க்கரைப் பொங்கலில் சிட்டிகை போடுகிறோமே என்ற எண்ணம். பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. பச்சைக் கற்பூரம் சுத்திகரித்தது. ஆனால் உள்ளே இருக்கும் பொருள் ஒன்றே. மூளைக்கு இரண்டும் ஒரே கற்பூரம்தான். சளிக்கு என்று கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும், குழந்தையின் சட்டையில் குத்திவைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானவை. முடிச்சு அவிழ்ந்து கட்டி வாய்க்குப் போக ஒரு நொடி போதும். அந்துருண்டையை இதற்குப் பதிலாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு நஞ்சு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை வரவழைக்கும். பூச்சிக்கு வைக்கும் அந்த உருண்டையைக் குழந்தையின் துணிப் பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

குழந்தை கற்பூரத்தையோ தைலத்தையோ விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? வாயில் மிச்சம் இருந்தால் விரலால் எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரலை விடுவதும் உப்புத் தண்ணீர் கொடுப்பதும் கூடவே கூடாது. பாதி வாந்தியில் வலிப்பு வந்தால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நஞ்சை முறிக்கும் என்று பாலோ எண்ணெயோ நெய்யோ கொடுக்க வேண்டாம். கொழுப்பில் கற்பூரம் கரையும். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அறிகுறி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வழியில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் உதவாது, பல்லும் தொண்டையும் காயப்படும். கற்பூரத்துக்கு முறிவு மருந்து என்று தனியாக ஒன்று இல்லை. மருத்துவர்கள் வலிப்பை நிறுத்தும் மருந்து கொடுத்து, மூச்சைக் காப்பாற்றி, உடம்பு தானாகக் கற்பூரத்தை வெளியேற்றும் வரை கண்காணிப்பார்கள். நேரத்தோடு போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகத் திரும்புகிறார்கள். விழுங்கி நான்கு மணி நேரம் கடந்தும் ஓர் அறிகுறியும் இல்லை என்றால் பயம் பெரிதும் நீங்கியது.

யாரும் பார்க்காதபோது விழுங்கியிருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காய்ச்சல் இல்லாத குழந்தைக்குத் திடீரென வலிப்பு வந்தாலோ, காரணமில்லாமல் வாந்தியெடுத்துத் துடிதுடிப்பாக இருந்தாலோ, வாயை முகர்ந்து பாருங்கள். மூச்சிலும் வாந்தியிலும் கற்பூர வாசனை தெளிவாக வீசும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு வைத்தியம் செய்ததைச் சொன்னால் திட்டுவார்களோ என்ற கூச்சத்தில் பலர் சொல்வதில்லை. அது தெரியாமல் போனால் குழந்தைக்குத் தேவையற்ற ஸ்கேனும் முதுகில் ஊசியும் வரை போகும்.

சரி, கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா என்றால், இல்லை. மருந்துக்கடையில் மூக்குக்கான உப்பு நீர்ச் சொட்டு மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறது. பால் குடிக்க வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டிரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து, இளகி வரும் சளியை மென்துணியாலோ மூக்கு உறிஞ்சும் ரப்பர் பந்தாலோ எடுத்துவிடுங்கள். தூங்கவைப்பதற்கு முன்பும் ஒருமுறை. மென்தால் செய்யாத வேலையை இது உண்மையிலேயே செய்கிறது. அடைப்பிலிருக்கும் சளி நிஜமாகவே வெளியே வருகிறது. தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தேய்த்துவிட வேண்டும் என்று கை துடித்தால் கற்பூரம் போடாத வெறும் தேங்காய் எண்ணெயால் நெஞ்சையும் முதுகையும் நீவிவிடுங்கள். அந்தக் கைச்சூட்டில் குழந்தை அமைதியாவது உண்மைதான். கற்பூரம் இல்லாத குழந்தைத் தைலங்கள் என்றும் சில கிடைக்கின்றன. வாங்குபவர்கள் டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் கற்பூரம், கேம்ஃபர், மென்தால், புதினா உப்பு என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தையின் முகம் பெட்டியில் இருப்பதாலேயே அது குழந்தைக்கானது ஆகிவிடாது.

சளியோடு மூச்சு வேகமானால் வீட்டு வைத்தியம் எதற்கும் நேரமில்லை. குழந்தை அமைதியாக இருக்கும்போது, கடிகாரம் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60 முறை, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 முறை, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 முறை அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். இந்த நிலையில் தைலத்தைத் தேய்த்துவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்ததால் நேரும் கேடு, தைலத்தின் நஞ்சைவிடப் பெரியது.

இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்குத் தடவுவதானால், நெஞ்சிலும் முதுகிலும் கழுத்தின் முன்புறத்திலும் மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். மூக்கு, உதடு, கண், புண் இருக்கும் தோல் பக்கம் போகக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இறுக்கமான துணி சுற்றாமல் தளர்ந்த பருத்திச் சட்டையைப் போட்டுவிடுங்கள். உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் அதே கையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிடுவீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும், முன்பு வலிப்பு வந்த பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள். உள்ளங்காலில் தடவி காலுறை போட்டால் இருமல் நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆவி மூக்குக்கு வந்தால்தான் இந்தத் தைலத்துக்கு வேலையே. தைலத்தை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது, அது தெறித்து முகம் வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் தைலத்தைப் போட்டுப் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம். சளியால் வரும் துன்பம் பத்து நாள். மடியில் கவிழ்ந்த வெந்நீரால் வரும் தழும்பு ஆயுளுக்கும்.

கற்பூரப் பொட்டலத்தையும் தைல டப்பாவையும் இன்றைக்கே பிள்ளையின் கைக்கு எட்டாத மேல் அலமாரிக்கு மாற்றுங்கள். பூஜைத் தட்டில் மிச்சமிருக்கும் வில்லையையும், தலையணைக்கு அடியில் இருக்கும் சின்ன டப்பாவையும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும் அத்தையிடமும் இதைப் பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள். தடவுவது பெரும்பாலும் அவர்கள் கைதான்.